ஒரே அளவு காரம் கேட்ட இரண்டு அமிலங்கள்: கந்தக அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நான் வேதியியல் கற்பித்துவந்த ஒரு கல்லூரியில், இரண்டாம் ஆண்டு மாணவர்களின் பருமனறி பகுப்பாய்வு வகுப்பில் நிகழ்ந்த ஒரு முரண்பாட்டையும் அதன் காரணத்தை நாங்கள் தேடிச் சென்ற வழியையும் இங்கே பதிவு செய்கிறேன். பாடநூலில் ஒற்றை வரியில் முடிந்துவிடும் ஒரு செய்தி ஆய்வக மேசையில் இரண்டு பிற்பகல்களை எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு பிற்பகல்களில் விளங்கியவை அந்த ஒற்றை வரியில் இல்லை.

அன்றைய பயிற்சி எளிமையானது. கந்தக அமிலம் ஒரு குப்பியிலும் பாஸ்பாரிக் அமிலம் மற்றொரு குப்பியிலும் ஏறத்தாழ 0.1 மோலார் செறிவில் முந்தின நாளே தயாரித்து வைக்கப்பட்டிருந்தன. 98 விழுக்காடு அடர் கந்தக அமிலத்தில் 5.4 மி.லி. எடுத்து, அதை நீரில் மெல்லச் சேர்த்து, ஒரு லிட்டராக்கியது முதல் குப்பி. 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தில் 6.8 மி.லி. எடுத்து அதே போல ஒரு லிட்டராக்கியது இரண்டாவது. இரண்டு அமிலங்களின் மோலார் நிறையும் ஏறத்தாழ 98 கிராமே என்பது தற்செயலான ஒற்றுமை. ஆனால் இந்த நிகழ்வில் அந்த ஒற்றுமை குழப்பத்தைக் கூட்டியது. சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலின் செறிவு ஆக்சாலிக் அமிலத்தைக் கொண்டு தரம் பார்க்கப்பட்டு, 0.100 மோலார் என்று உறுதி செய்யப்பட்டிருந்தது. ஒவ்வொரு குழுவும் பிப்பெட்டால் 20 மி.லி. அமிலத்தைக் கூம்புக் குடுவையில் எடுத்து, பினால்ப்தலீன் இரண்டு துளி சேர்த்து, பியூரெட்டிலிருந்து காரத்தை விட வேண்டும்.

தொடங்கும் முன்பே மாணவர்கள் எதிர்பார்க்க வேண்டிய அளவைக் கணக்கிட்டு ஏட்டில் எழுதியிருந்தார்கள். அவர்கள் எழுதிய சமன்பாடுகள் பிழையற்றவை.

```
H2SO4 + 2 NaOH → Na2SO4 + 2 H2O
H3PO4 + 3 NaOH → Na3PO4 + 3 H2O
```

20 மி.லி. 0.1 மோலார் கரைசலில் இருப்பது 2 மில்லிமோல் அமிலம். கந்தக அமிலத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் பதிலீடு செய்யத்தக்க ஹைட்ரஜன் அயனிகள் இரண்டு இருப்பதால் அதற்கு 4 மில்லிமோல் காரம், அதாவது 40 மி.லி. தேவைப்படும். பாஸ்பாரிக் அமிலத்தில் அவை மூன்று என்பதால் 6 மில்லிமோல், அதாவது 60 மி.லி. தேவைப்படும். பியூரெட்டின் கொள்ளளவு 50 மி.லி. மட்டுமே என்பதால், இரண்டாவது அமிலத்துக்கு ஒருமுறை நிரப்பி முடிந்ததும் மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, கூடுதல் காரத்தையும் ஒவ்வொரு மேசைக்கும் கொடுத்திருந்தோம்.

அந்தக் கூடுதல் காரத்தை ஒருவரும் தொடவில்லை.

கந்தக அமிலத்துக்கு எல்லாக் குழுக்களும் 39.8 மி.லி.யை ஒட்டியே அளவு கண்டன. ஒரு துளிக்கு முன்புவரை நிறமற்றிருந்த கரைசல் அடுத்த துளியில் இளஞ்சிவப்பானது. எந்தக் குழுவுக்கும் ஐயம் எழவில்லை. பாஸ்பாரிக் அமிலத்துக்கு ஒரு குழு 38.2 என்றது, மற்றொன்று 38.9 என்றது, மூன்றாவது குழு 39.3 என்றது. 60 என்று எதிர்பார்த்த இடத்தில் 40-க்கும் சற்றுக் குறைவு. எதிர்பார்த்த சமன்பாட்டைக் கொண்டு செறிவைக் கணக்கிட்டால் அமிலம் 0.065 மோலார்தான் என்று வந்தது. குப்பியின் மீதோ 0.1 என்று எழுதியிருந்தது. மூன்றில் ஒரு பங்கு அமிலம் காணாமல் போயிருந்தது.

பொதுவாக வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவிதான் அந்த ஐயத்தை முதலில் வெளிப்படையாகச் சொன்னார்: "சார், ரெண்டு குப்பியிலயும் கந்தக அமிலத்தையே ஊத்தி வெச்சிருக்காங்கன்னு நினைக்கிறேன்." அதைக் கேட்டவுடன் தள்ளிவிட முடியவில்லை. இரண்டும் நிறமற்றவை, இரண்டும் ஒரே செறிவில் தயாரானவை, இரண்டும் ஒரே அளவு காரத்தைக் கேட்கின்றன; மோலார் நிறைகூட ஒன்றே. அடர் அமிலக் குப்பியை மாற்றி எடுத்துவிட்டார் என்று உதவியாளரின் மேல் பழி விழுவதற்கு எல்லாச் சூழலும் கனிந்திருந்தது. மற்றொரு குழுவின் கருத்து, அமிலம் நீர்த்துப்போய்விட்டது, இன்னும் மூன்றரை மி.லி. அடர் அமிலத்தைச் சேர்த்துவிடலாம் என்பது. அந்த யோசனையை ஏற்றிருந்தால், சரியாக இருந்த கரைசலைக் கெடுத்து, அதன் பிறகு ஏட்டுக் கணக்குக்கு ஏற்ற 'சரியான' விடையைப் பெற்றிருப்போம். இந்த நிகழ்வில் உண்மையாகவே ஆபத்தான இடம் அதுதான் என்று நான் கருதுகிறேன்.

காரத்தில் பிழை இருக்குமோ என்ற கேள்வியை உடனே விலக்கிவிட முடிந்தது. அதே பியூரெட்டில் இருந்த அதே காரம் கந்தக அமிலத்துக்குச் சரியான அளவைத் தந்திருந்தது. குப்பிகள் மாறியிருக்குமோ என்ற கேள்விக்கு ஒரு சோதனைக்குழாய் போதும். இரண்டு கரைசல்களிலும் சிறிதளவு எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, பேரியம் குளோரைடு கரைசலை விட்டோம். முதல் குப்பியின் கரைசலில் பேரியம் சல்பேட்டின் வெண்ணிற வீழ்படிவு உடனே இறங்கியது. இரண்டாவது தெளிவாகவே இருந்தது. அமில ஊடகத்தில் பேரியம் பாஸ்பேட் வீழ்படிவாகாது என்பதால், இரண்டாவது குப்பியில் சல்பேட் இல்லை என்பது உறுதியாயிற்று. உதவியாளர் சரியான குப்பியைத்தான் எடுத்திருந்தார்.

எனவே கேள்வி மேலும் கூர்மையானது: மூன்று ஹைட்ரஜன்களைக் கொண்ட அமிலம், இரண்டு ஹைட்ரஜன்களைக் கொண்ட அமிலத்தைப் போல ஏன் நடந்துகொள்கிறது?

விடைக்கான தடயம் மாணவர்களின் கையிலேயே இருந்தது. அதை அவர்கள் பிழையென்று எண்ணி ஒதுக்கியிருந்தார்கள். கந்தக அமிலத்தில் எல்லாக் குழுக்களும் ஒரே அளவைக் கண்டபோது, பாஸ்பாரிக் அமிலத்தில் மட்டும் 38.2-க்கும் 39.3-க்கும் இடையே ஒரு மி.லி.க்கு மேல் வேறுபாடு எப்படி வந்தது? கை நடுக்கம் ஒரு அமிலத்துக்கு மட்டும் வராது. கேட்டபோது, இளஞ்சிவப்பு ஒரே துளியில் தோன்றவில்லை, மெல்ல மெல்ல ஏறியது, எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை என்று எல்லாரும் சொன்னார்கள். நிறம் மெல்ல ஏறுகிறது என்றால் கரைசலின் pH மெல்ல ஏறுகிறது என்று பொருள். அப்படி ஏறினால், சேர்க்கும் காரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஏதோ ஒன்று கரைசலில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள்.

இங்கே ஒரு கருத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் எல்லாம் ஒரே தருணத்தில் கழன்று விழுவதில்லை. முதலாவது அயனி நடுநிலை மூலக்கூறிலிருந்து பிரிகிறது. இரண்டாவது, ஏற்கெனவே ஓர் எதிர்மின்சுமையைத் தாங்கிய அயனியிலிருந்து பிரிய வேண்டும். மூன்றாவது, இரண்டு எதிர்மின்சுமைகளின் இழுப்பை மீறிப் பிரிய வேண்டும். ஆகவே ஒவ்வொரு படியும் முந்தையதைவிடக் கடினமானது. பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் ஹைட்ரஜன் pH 2.15-இல் பாதி கழன்றிருக்கும். இரண்டாவது ஹைட்ரஜன் பாதி கழல pH 7.2 வரை ஏற வேண்டும். மூன்றாவது ஹைட்ரஜன் பாதி கழல pH 12.35 வரை ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் இடையே ஐந்து அலகு இடைவெளி இருப்பதால், முதலாவது முழுவதும் கழன்று முடிந்த பிறகே இரண்டாவது தொடங்குகிறது என்று நடைமுறையில் கொள்ளலாம்.

கந்தக அமிலம் அப்படியல்ல. அதன் முதல் ஹைட்ரஜன் நீரில் விட்ட உடனேயே முற்றிலும் பிரிந்துவிடுகிறது. இரண்டாவது, அதாவது ஹைட்ரஜன் சல்பேட் அயனியிலிருந்து பிரிய வேண்டியது, pH 2-ஐ ஒட்டியே பாதி கழன்றுவிடுகிறது. pH 4-ஐ எட்டும்போது நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு போய்விட்டிருக்கும். இரண்டு படிகளும் ஒன்றோடொன்று ஒட்டியே நடந்துமுடிவதால் நமக்கு ஒரே ஒரு தாவல் மட்டுமே தெரிகிறது. அந்தத் தாவலும் பெரியது: சமான நிலையை ஒட்டி விழும் ஒரே துளி காரம், pH-ஐ நான்குக்கு அருகிலிருந்து ஒன்பதுக்கு மேல் கொண்டுபோய்விடும். பினால்ப்தலீன் நிறம் மாறத் தொடங்கும் 8.3 அந்தத் தாவலுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எனவேதான் கந்தக அமிலத்தில் 1:2 என்ற விகிதம் எந்தத் தயக்கமும் இன்றிக் கிடைக்கிறது.

பாஸ்பாரிக் அமிலத்தில் பினால்ப்தலீன் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். 8.3-இல் இரண்டாவது ஹைட்ரஜனில் ஏறத்தாழ 93 விழுக்காடு கழன்றிருக்கும். மூன்றாவது தொடங்கவே இல்லை. அதாவது, முதல் இளஞ்சிவப்பைக் கண்டதும் நிறுத்தியவர் ஒரு மோல் அமிலத்துக்கு 1.93 மோல் காரம் மட்டுமே சேர்த்திருக்கிறார். 38.2 என்ற அளவு அங்கிருந்து வந்தது. நிறம் இன்னும் சற்று அழுத்தமாகட்டும் என்று பொறுத்திருந்த குழுக்கள் pH 9-ஐ நெருங்கிச் சென்று, 39-க்கு மேல் கண்டன. இரண்டாவது படியின் உண்மையான முடிவு 9.7-ஐ ஒட்டியது. pH 8.3-லிருந்து 9.3-க்குச் செல்லவே ஏறத்தாழ 1.4 மி.லி. காரம் தேவைப்படுகிறது, துளிக் கணக்கில் அது முப்பதுக்குச் சற்றுக் குறைவு. மாணவர்களிடையே இருந்த வேறுபாட்டுக்கு முழு விளக்கமும் இதிலேயே இருக்கிறது. ஒருவரும் தவறு செய்யவில்லை. அவரவர் வெவ்வேறு pH-இல் நிறுத்தியிருந்தார்கள்.

இந்த விளக்கம் சரியென்றால் இரண்டு விளைவுகள் தொடர வேண்டும். முதலாவது, பினால்ப்தலீனுக்குப் பதில் 9.3-க்கும் 10.5-க்கும் இடையே நீலமாகும் தைமால்ப்தலீனைப் பயன்படுத்தினால், பாஸ்பாரிக் அமிலத்தின் அளவு சற்று உயர்ந்து, குழுக்களுக்கு இடையேயான வேறுபாடு குறைய வேண்டும். இரண்டாவது, 4.4-க்குள் நிறம் மாறி முடிக்கும் மெத்தில் ஆரஞ்சைப் பயன்படுத்தினால், கந்தக அமிலத்தின் அளவு மாறாமல் இருக்க வேண்டும். பாஸ்பாரிக் அமிலத்தின் அளவு மட்டும் பாதியாகிவிட வேண்டும்.

மறுநாள் பிற்பகலில் இரண்டையும் செய்து பார்த்தோம். தைமால்ப்தலீன் கொண்டு பார்த்தபோது பாஸ்பாரிக் அமிலத்துக்கு எல்லாக் குழுக்களும் 39.6 மி.லி.யை ஒட்டி வந்து சேர்ந்தன. மெத்தில் ஆரஞ்சைக் கொண்டு பார்த்தபோது, கந்தக அமிலம் 39.7-இல் சிவப்பிலிருந்து மஞ்சளாக மாறியது. பாஸ்பாரிக் அமிலம் 19.7-லேயே மஞ்சளாகிவிட்டது. முதல் நாள் ஒன்றுபோலத் தோன்றிய இரண்டு குப்பிகளும் நிறங்காட்டியை மாற்றியவுடன் இரண்டு வெவ்வேறு அமிலங்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டன. பேரியம் குளோரைடு சோதனையைச் செய்யாமல் இருந்திருந்தாலும், குப்பிகள் மாறவில்லை என்பதற்கு இந்த ஒரு சான்றே போதுமானதாக இருந்திருக்கும்.

மெத்தில் ஆரஞ்சில் ஒரு எச்சரிக்கை தேவை. பாஸ்பாரிக் அமிலத்தின் முதல் சமான நிலை pH 4.7-ஐ ஒட்டி வருகிறது. மெத்தில் ஆரஞ்சோ 3.1-லிருந்தே நிறம் மாறத் தொடங்கி 4.4-இல் முடித்துவிடுகிறது. ஆரஞ்சு நிறம் தோன்றியவுடன் நிறுத்தினால் முக்கால் மி.லி. வரை குறைவாக வரும். முழு மஞ்சள் எது என்று கண்ணுக்குத் தெரிவதற்காக, மற்றொரு குடுவையில் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் கரைசலை எடுத்து, அதே எண்ணிக்கையில் நிறங்காட்டித் துளிகளைச் சேர்த்து, வெள்ளைத் தாளின் மேல் அருகருகே வைத்துக்கொண்டோம். அந்த ஒப்பீட்டு நிறத்தை எட்டும்வரை காரத்தை விட்டவர்களுக்கு அளவு சீராக வந்தது. புரோமோகிரிசால் பச்சை இருந்தால் இதற்கு இன்னும் பொருத்தம். அன்று எங்களிடம் அது இல்லை.

இப்போது 19.7, 39.6 என்ற இரண்டு எண்கள் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு ஹைட்ரஜனுக்கும் ஏறத்தாழ 19.8 மி.லி. காரம். அப்படியானால் மூன்றாவது ஹைட்ரஜன் 59.4-இல் தெரிய வேண்டும் அல்லவா என்று மாணவர்கள் கேட்டார்கள். இன்னும் உயர்ந்த pH-இல் நிறம் மாறும் ஒரு நிறங்காட்டியைத் தேடினால் போதும் என்பது அவர்களின் எண்ணம்.

போதாது; ஏனென்றால் இங்கே தடையாக நிற்பது நிறங்காட்டி அல்ல, நீர். மூன்றாவது ஹைட்ரஜன் பாதி கழலவே pH 12.35 வேண்டும் என்று கண்டோம். நாம் சேர்க்கும் காரமோ 0.1 மோலார், அதன் pH-ஏ 13தான். குடுவையில் அது நீர்த்துப்போகிறது. 60 மி.லி. காரமும் சேர்த்து முடித்த நிலையில், மொத்தக் கன அளவு 80 மி.லி. ஆகியிருக்கும், பாஸ்பேட்டின் மொத்தச் செறிவு 0.025 மோலாராக இருக்கும். அந்த நிலையில் சமநிலையைக் கணக்கிட்டுப் பார்த்தால், கரைசலின் pH ஏறத்தாழ 12.2 என்று வருகிறது. பாஸ்பேட்டில் ஐந்தில் இரண்டு பங்குதான் மூன்று ஹைட்ரஜன்களையும் இழந்திருக்கிறது. எஞ்சிய மூன்று பங்கு இன்னும் ஹைட்ரஜன் பாஸ்பேட்டாகவே இருக்கிறது. அதற்கு ஈடான ஹைட்ராக்சைடு அயனிகள் வினைபுரியாமல் கரைசலில் உலவுகின்றன. சமன்பாடு கேட்ட மூன்று மோல் காரத்தையும் ஊற்றிவிட்டோம், ஆனால் வினை முடியவில்லை. அந்த இடத்தில் pH-இல் எந்தத் தாவலும் இல்லாததால் எந்த நிறங்காட்டியாலும் அதைச் சுட்டிக்காட்ட முடியாது. pH மானியை வைத்து வரைபடம் வரைந்தாலும் முதல் இரண்டு வளைவுகள் மட்டுமே தெரியும். மூன்றாவது இடத்தில் கோடு மெல்லச் சாய்ந்து செல்லும்.

அப்படியென்றால் மூன்றாவது ஹைட்ரஜன் பதிலீடு செய்யத்தக்கது என்று எப்படிச் சொல்கிறோம்? இதைக் காட்ட ஒரு பழைய, நல்ல வழி உண்டு. பாஸ்பேட் அயனியைக் கரைசலிலிருந்தே வெளியேற்றிவிட்டால், மூன்றாவது ஹைட்ரஜனைப் பிடித்து வைத்திருக்க அங்கே ஒன்றும் இருக்காது. கால்சியம் அயனி அந்த வேலையைச் செய்கிறது. மெத்தில் ஆரஞ்சு முழு மஞ்சளான நிலையில் நிறுத்திய குடுவையில், 1 மோலார் கால்சியம் குளோரைடு கரைசலை 10 மி.லி. சேர்த்தோம். இரண்டு மில்லிமோல் பாஸ்பேட்டுக்கு மூன்று மில்லிமோல் கால்சியமே போதும். தேவையைவிட மூன்று மடங்குக்கு மேல் இருப்பது வீழ்படிவை முழுமையாக்குவதற்காக. பிறகு பினால்ப்தலீன் சேர்த்துக் காரத்தை விடத் தொடங்கினால், கால்சியம் பாஸ்பேட் வெண்ணிறமாக இறங்க, எஞ்சியிருந்த இரண்டு ஹைட்ரஜன்களும் காரத்தோடு வினைபுரிகின்றன.

```
2 NaH2PO4 + 3 CaCl2 + 4 NaOH → Ca3(PO4)2 + 6 NaCl + 4 H2O
```

இரண்டு டைஹைட்ரஜன் பாஸ்பேட்டுக்கு நான்கு காரம், ஒன்றுக்கு இரண்டு. முதல் படியில் செலவான ஒன்றையும் கூட்டினால் மூன்று. பியூரெட்டை அன்றுதான் முதன்முறையாக மறுபடியும் நிரப்பினார்கள். நிலைத்து நிற்கும் இளஞ்சிவப்பு தொடக்கத்திலிருந்து மொத்தம் 59.6 மி.லி.யில் வந்தது. 19.7, 39.6, 59.6 என்று மூன்று எண்களையும் கரும்பலகையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோது, அந்த அமிலத்தின் மூன்று ஹைட்ரஜன்களும் வகுப்பின் கண்முன்னே எண்ணப்பட்டுவிட்டன.

இந்தக் கடைசி அளவில் நான் முழு நம்பிக்கை வைக்கமாட்டேன். மாணவர்களிடமும் அதைச் சொன்னேன். கால்சியம் பாஸ்பேட் எப்போதும் ஒரே இயைபில் வீழ்படிவாவதில்லை. நேரம் செல்லச் செல்ல அது ஹைட்ராக்சிஅபடைட்டாக மாறும். அப்படி மாறும்போது கரைசலிலிருந்து மேலும் ஹைட்ராக்சைடை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் இளஞ்சிவப்பு தோன்றி, சில நிமிடங்களில் மங்கி, இன்னும் சில துளி கேட்கும். மங்க மங்க விட்டுக்கொண்டே போனால் 60-ஐத் தாண்டிவிடும். காரம் நெடுநாள் திறந்திருந்து காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்றிருந்தாலும், அந்தக் கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகி அளவைப் பிறழச் செய்யும். சேர்க்கும் கால்சியம் குளோரைடு கரைசலும் நடுநிலையானதா என்று முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். எனவே மூன்றாவது ஹைட்ரஜன் இருக்கிறது என்பதை மெய்ப்பிக்க இந்த முறை போதும். அமிலத்தின் செறிவைத் துல்லியமாகக் கண்டறிய இரண்டாம் சமான நிலையும் தைமால்ப்தலீனுமே சிறந்தவை.

இவ்வளவையும் கண்ட பிறகு செறிவுக் கணக்கைத் திரும்பச் செய்தார்கள். தைமால்ப்தலீன் அளவில் செலவான காரம் 3.96 மில்லிமோல். இந்த நிறங்காட்டி மாறும் இடத்தில் ஒரு மூலக்கூறு இழப்பது இரண்டு ஹைட்ரஜன்களை. எனவே அமிலம் 1.98 மில்லிமோல், 20 மி.லி.யில் அது இருப்பதால் செறிவு 0.099 மோலார். மெத்தில் ஆரஞ்சு அளவில் செலவானது 1.97 மில்லிமோல், அங்கே இழப்பது ஒன்று மட்டுமே, எனவே அமிலமும் 1.97 மில்லிமோல். இரண்டு வழிகளும் ஒரே செறிவுக்கு வந்து சேர்ந்தன. 0.1-க்கு ஒரு விழுக்காடு குறைந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை: 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் பாகு போன்றது, அளவிடும் குழாயின் சுவரில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

முதல் நாள் மாணவர்கள் செய்த பிழை ஹைட்ரஜனை எண்ணத் தெரியாமை அல்ல. அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் மூலக்கூறில் எத்தனை இருக்கின்றன என்று சரியாக எண்ணினார்கள். கேட்க வேண்டிய கேள்வி, நான் நிறுத்தும் இடத்துக்குள் எத்தனை கழன்றிருக்கும் என்பது. கந்தக அமிலத்தில் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாகவே இருப்பதால், அதை மட்டும் வைத்துப் பயிற்சி பெறுகிறவருக்கு இந்த வேறுபாடு என்றைக்கும் புலப்படாது.

மூலக்கூறில் எண்ணுவதிலும் ஒரு கண்ணி உண்டு என்பதால் பாஸ்பரஸ் அமிலத்தை, அதாவது H3PO3-ஐப் பற்றியும் ஒரு சொல் சேர்க்கிறேன். வாய்பாட்டில் மூன்று ஹைட்ரஜன்கள் தெரிந்தாலும், அவற்றில் ஒன்று நேரடியாகப் பாஸ்பரஸ் அணுவோடு பிணைந்திருக்கிறது. அது எந்தக் காரத்துக்கும் அசையாது. ஆக்சிஜனோடு பிணைந்த இரண்டு மட்டுமே பதிலீடு செய்யத்தக்கவை. எத்தனை கால்சியம் குளோரைடு சேர்த்தாலும் இங்கே மூன்றாவது கிடைக்காது. பாஸ்பாரிக் அமிலத்தில் மூன்றும் ஆக்சிஜனோடுதான் பிணைந்திருக்கின்றன. அங்கே மூன்றாவது வெளிவரத் தயங்குகிறது, அவ்வளவே.

பயிற்சி முடிந்தபின் மிஞ்சிய அமிலங்களைக் கழிவுநீர்த் தொட்டியில் விடுமுன் நடுநிலையாக்க வேண்டியிருந்தது. பாஸ்பாரிக் அமிலம் அரை லிட்டர் மிச்சம். அதில் இருந்தது ஏறத்தாழ 0.05 மோல். சமன்பாட்டின்படி 0.15 மோல், அதாவது 6 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடை எடைபோட்டு ஒரு மாணவர் கையில் எடுத்துவிட்டார். அதைப் போட்டிருந்தால் கிடைத்திருப்பது நடுநிலையான நீர் அல்ல, pH 12-க்கும் மேற்பட்ட டிரைசோடியம் பாஸ்பேட் கரைசல், தோலை அரிக்கக்கூடியது. pH 7 என்பது பாஸ்பாரிக் அமிலத்தில் எந்தச் சமான நிலையிலும் அமையாமல், இரண்டாவது ஹைட்ரஜன் பாதிக்கும் சற்றுக் குறைவாகக் கழன்ற இடத்தில் விழுகிறது. கணக்கிட்டால் ஒரு மோல் அமிலத்துக்கு ஏறத்தாழ 1.4 மோல் காரம். அரை லிட்டருக்கு 2.8 கிராம். கரைசலில் உள்ள மற்ற அயனிகளால் இந்த எண் சற்று உயரக்கூடும் என்பதால், 2.5 கிராமைக் கரைத்துச் சேர்த்துவிட்டு, pH தாளைத் தொட்டுத் தொட்டு மிச்சத்தைச் சேர்த்தோம். இந்த இடத்தில் pH மெல்லவே நகரும். எனவே அளவு மீறிவிடும் அச்சமின்றிச் செய்ய முடிந்தது. கந்தக அமிலத்தில் இதற்கு நேர்மாறு: ஒரு மோலுக்கு இரண்டு மோல் என்ற கணக்கு அப்படியே பொருந்தும், ஆனால் கடைசித் துளிகளில் pH மறுகரைக்குத் தாவிவிடும், அங்கே சோடியம் ஹைட்ராக்சைடை நிறுத்திவிட்டுச் சோடியம் பைகார்பனேட்டைக் கொண்டு முடித்தோம்.

ஒரு சிறிய செயலும் எஞ்சியிருந்தது. பாஸ்பாரிக் அமிலக் குப்பியின் சீட்டில் 0.1 மோலார் என்பதற்குக் கீழே, யாரோ நல்லெண்ணத்தோடு 0.3 நார்மல் என்றும் எழுதியிருந்தார்கள். மூன்று ஹைட்ரஜனும் வினைபுரிந்தால்தான் அது 0.3, தைமால்ப்தலீனில் அது 0.2, மெத்தில் ஆரஞ்சில் 0.1. சமான எடையும் அதற்கேற்ப 32.7, 49, 98 என்று மாறும். 49 என்பது கந்தக அமிலத்தின் சமான எடையுங்கூட, முதல் நாள் இரண்டு குப்பிகளும் ஒன்றுபோலத் தோன்றியதற்குக் காரணமே அதுதான். நார்மல் என்ற அளவு குப்பியில் உள்ள அமிலத்தின் பண்பு அல்ல, அதைக் கொண்டு செய்யப்போகும் வினையின் பண்பு என்பதால், அதைச் சீட்டில் எழுதி வைப்பதை நான் ஏற்பதில்லை. அந்த மாணவியே பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, அமிலத்தின் பெயர், 0.099 மோலார், தயாரித்த நாள், தைமால்ப்தலீனால் தரம் பார்த்தது என்ற நான்கு செய்திகளோடு புதிய சீட்டு ஒன்றை எழுதி ஒட்டினார்.